சதுர மின்னோட்ட வளையத்தின் மையத்தில் காந்தப்புலம்: நான்கு பக்கங்களையும் கூட்டிக் கண்டுபிடிக்கும் முறை

வட்ட வளையத்தின் மையத்தில் காந்தப்புலம் கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடலாம். கம்பியின் எந்தத் துண்டை எடுத்தாலும் மையத்திலிருந்து ஒரே தூரம், ஒரே செங்கோணம். தொகையீடு என்ற பெயரில் சுற்றளவைப் பெருக்குவதோடு வேலை முடிந்துவிடும். சதுரத்தில் அப்படி நடக்காது. பக்கத்தின் நடுவில் இருக்கும் துண்டு மையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, மூலையில் இருக்கும் துண்டு விலகி நிற்கிறது. தூரமும் மாறுகிறது, கோணமும் மாறுகிறது. அதனால் ஒரு பக்கத்தைத் தனியாக எடுத்து, அதன் நீளம் முடிவுள்ளது என்பதை மறக்காமல் கணக்கிட்டு, பிறகு நான்கையும் கூட்ட வேண்டும்.

வெறும் எழுத்துகளில் செய்யாமல் ஒரு வளையத்தை எடுத்துக்கொள்வோம். பக்கம் a = 10 செ.மீ., மின்னோட்டம் I = 2 ஆம்பியர், வளையம் காற்றில் இருக்கிறது, பக்கத்தில் இரும்பு எதுவும் இல்லை. மேலிருந்து பார்த்தால் மின்னோட்டம் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராக ஓடுகிறது.

முதலில் திசை

பெரும்பாலானவர்கள் அளவைக் கண்டுபிடித்துவிட்டுக் கடைசியில் திசைக்கு வருவார்கள். நான் திசையை முதலில் முடிக்கச் சொல்வேன். நான்கு பக்கங்களின் புலங்களைச் சாதாரண எண்களைப் போலக் கூட்டலாமா கூடாதா என்பதே திசையைப் பொறுத்தது.

இங்கே எழும் வழக்கமான சந்தேகம் இது: எதிரெதிர்ப் பக்கங்களில் மின்னோட்டம் எதிரெதிர்த் திசையில் ஓடுகிறதே, அவற்றின் புலங்கள் ஒன்றையொன்று நீக்கிவிடாதா? நீக்காது. ஏன் என்று பயட்–சாவர்ட் விதியிலேயே பார்க்கலாம்.

```
dB = (μ₀/4π) · I (dl × r̂) / r²
```

இதில் r̂ என்பது கம்பித் துண்டிலிருந்து புலம் வேண்டிய புள்ளியை நோக்கிய ஓரலகு வெக்டர். துண்டிலிருந்து புள்ளிக்கு, புள்ளியிலிருந்து துண்டுக்கு அல்ல. இதைத் தலைகீழாக எடுத்தால் குறி மாறிவிடும்.

சதுரத்தின் மையத்தை ஆதிப்புள்ளியாக வைத்து, பக்கங்களை x, y அச்சுகளுக்கு இணையாக வையுங்கள். கீழ்ப்பக்கத்தில் மின்னோட்டம் +x திசையில் போகிறது, மையம் அதற்கு மேலே +y பக்கம் இருக்கிறது. x̂ × ŷ = +ẑ. மேல்பக்கத்தில் மின்னோட்டம் −x திசையில் போகிறது, ஆனால் மையம் இப்போது அதற்குக் கீழே, −y பக்கம் இருக்கிறது. (−x̂) × (−ŷ) = +ẑ. மின்னோட்டம் புரண்டது உண்மைதான், ஆனால் புள்ளி இருக்கும் பக்கமும் கூடவே புரண்டது. இரண்டு மைனஸ் சேர்ந்து பிளஸ் ஆகிவிட்டது. வலப்பக்கம் ŷ × (−x̂) = +ẑ, இடப்பக்கம் (−ŷ) × x̂ = +ẑ.

பக்கத்தின் நடுவில் அல்லாத துண்டுகளுக்கு r̂ சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வில் கம்பிக்கு இணையான பகுதி வெக்டர் பெருக்கலில் பூச்சியமாகிவிடும். செங்குத்துப் பகுதி மட்டுமே மிஞ்சும். ஆகவே வளையத்தின் ஒவ்வொரு துண்டும் மையத்தில் தரும் புலம் தாளிலிருந்து நம்மை நோக்கித்தான் வருகிறது. இனி வெக்டர் கூட்டல் தேவையில்லை, அளவுகளைக் கூட்டினால் போதும். நான்கு பக்கங்களும் மையத்திலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருப்பதால், ஒரு பக்கத்தைக் கணக்கிட்டு நான்கால் பெருக்கினாலே விடை.

ஒரு பக்கம்: ஆம்பியர் விதி ஏன் உதவாது

நேர்க்கம்பி என்றதும் μ₀I/2πd என்ற சூத்திரம் கை நுனிக்கு வந்துவிடும். அது ஆம்பியரின் சுற்று விதியிலிருந்து ஒரு வரியில் கிடைப்பது. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால், கம்பி இரு பக்கமும் முடிவில்லாமல் நீள்கிறது, அதனால் கம்பியின் வழியே எங்கே நின்று பார்த்தாலும் நிலைமை ஒன்றுதான் என்ற சமச்சீர் ஒளிந்திருக்கிறது. 10 செ.மீ. பக்கத்துக்கு அந்தச் சமச்சீர் கிடையாது. அதோடு, ஆம்பியர் விதி தொடர்ச்சியாக ஓடும் மின்னோட்டத்துக்கு உரியது. தனித்து நிற்கும் ஒரு துண்டில் மின்னோட்டம் ஒரு முனையில் எங்கிருந்தோ தோன்றி மறுமுனையில் மறைகிறது. அதற்கு அந்த விதியைப் போட்டால் வரும் விடைக்கு அர்த்தம் இல்லை.

பயட்–சாவர்ட் விதியில் இந்தச் சிக்கல் இல்லையா? ஒரு பக்கத்தின் பங்கு என்று தனியாக ஒன்றை ஆய்வகத்தில் அளக்க முடியாது என்பது சரிதான். ஆனால் நாம் கடைசியில் நான்கையும் கூட்டி மூடிய வளையமாக்குகிறோம். மூடிய வளையத்துக்கு அந்தக் கூட்டல் சரியான புலத்தைத் தரும். பக்கத்தின் பங்கு என்பது நடுவழியில் வரும் ஒரு கணக்கு எண், அவ்வளவுதான்.

தொகையிடுவதற்கு முன் கையால் ஒருமுறை

தொகையீட்டுக்குள் குதிக்கும் முன்பு, பக்கத்தை நான்கே துண்டுகளாக வெட்டிக் கூட்டிப் பார்ப்பது நல்லது. என்ன கூட்டுகிறோம் என்பது கண்ணில் தெரியும், பின்னால் சூத்திரத்தைச் சோதிக்கவும் உதவும்.

கீழ்ப்பக்கத்தை எடுத்துக்கொள்வோம். மையத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து செங்குத்துத் தூரம் d = a/2 = 5 செ.மீ. பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்து x தூரத்தில் உள்ள துண்டுக்கு மையம் வரை தூரம் r = √(x² + d²). கம்பிக்கும் r̂-க்கும் இடையிலுள்ள கோணத்தின் சைன் d/r. அதனால் ஒவ்வொரு துண்டின் பங்கும் இப்படி வரும்:

```
ΔB = (μ₀/4π) · I · Δx · d / r³
```

μ₀/4π என்பது 10⁻⁷ டெஸ்லா மீட்டர்/ஆம்பியர். 2019-இல் எஸ்.ஐ. அலகுகள் திருத்தப்பட்ட பிறகு இது வரையறுத்த எண் அல்ல, அளந்து பெறும் எண். ஆனாலும் வித்தியாசம் பத்தாவது இலக்கத்தின் பக்கம்தான் வரும் என்பதால் நமக்குக் கவலையில்லை.

நான்கு துண்டு என்றால் ஒவ்வொன்றும் 2.5 செ.மீ. நடுப்புள்ளிக்கு வலதுபுறம் இருக்கும் இரண்டின் நடுக்கள் x = 1.25 செ.மீ., x = 3.75 செ.மீ. இடதுபுறமும் அதே கதை, ஆகவே இரண்டைக் கணக்கிட்டு இரட்டித்தால் போதும். முதல் துண்டுக்கு r = 5.154 செ.மீ., இரண்டாவதற்கு r சரியாக 6.25 செ.மீ. மீட்டரில் மாற்றிப் போட்டால்:

```
x = 1.25 cm :  ΔB = 1.826 μT
x = 3.75 cm :  ΔB = 1.024 μT
ஒரு பக்கம்   :  2 × (1.826 + 1.024) = 5.70 μT
```

இரண்டு துண்டும் ஒரே நீளம், ஒரே மின்னோட்டம். ஆனால் மூலைக்கு அருகிலுள்ளது தரும் பங்கு நடுவில் உள்ளதில் பாதியைவிடச் சற்றே அதிகம். r³ கீழே இருப்பதன் விளைவு இது: ஒரு r² தூரத்தால் வருவது, மீதி ஒரு r கோணம் சாய்வதால் வருவது. இந்தக் கோணக் காரணியை விட்டுவிட்டு வெறும் 1/r² போடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

இப்போது தொகையீடு

துண்டுகளை எல்லையற்றுச் சிறிதாக்கினால்:

```
B₁ = (μ₀ I d / 4π) ∫ dx / (x² + d²)^(3/2),   x = −a/2 முதல் +a/2 வரை
```

நேராகப் பார்த்தால் பயமாகத் தெரியும். x = d tan θ என்று பிரதியிட்டால் அழகாக அவிழ்ந்துவிடும். இங்கே θ என்பது மையப் புள்ளியில் நின்று பார்க்கும்போது செங்குத்துக் கோட்டுக்கும் அந்தத் துண்டுக்குப் போகும் கோட்டுக்கும் இடையிலுள்ள கோணம். அப்போது dx = d sec²θ dθ, r = d sec θ. மேலேயும் கீழேயும் அடித்துக்கொண்டு போனால் மிஞ்சுவது:

```
B₁ = (μ₀ I / 4πd) ∫ cos θ dθ = (μ₀ I / 4πd) (sin θ₁ + sin θ₂)
```

θ₁, θ₂ இரண்டும் செங்குத்துக் கோட்டிலிருந்து இடப்பக்க முனைக்கும் வலப்பக்க முனைக்கும் உள்ள கோணங்கள். இரண்டையும் நேர்க்குறியில் எடுக்கிறோம். செங்குத்து விழும் இடம் கம்பிக்குள் இருக்கும்வரை இப்படிக் கூட்டலாம். செங்குத்து கம்பிக்கு வெளியே, அதன் நீட்சியில் விழுந்தால் அருகிலுள்ள முனையின் சைனைக் கழிக்க வேண்டும். சதுரத்தின் மையத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

இந்தச் சூத்திரம் சரியா என்று பார்க்க எளிய வழி, கம்பியை இரு பக்கமும் நீட்டிக்கொண்டே போவது. θ₁, θ₂ இரண்டும் 90° நோக்கிப் போகும், சைன் ஒவ்வொன்றும் 1 ஆகும், B = μ₀I/2πd கிடைக்கும். நமக்குத் தெரிந்த முடிவிலாக் கம்பி. ஆக, முடிவுள்ள கம்பி என்பது முடிவிலாக் கம்பியை (sin θ₁ + sin θ₂)/2 என்ற காரணியால் குறைத்தது.

எண்களைப் போட்டுக் கூட்டல்

சதுரத்தில் மையத்திலிருந்து பக்கத்துக்குச் செங்குத்து a/2, செங்குத்தின் அடியிலிருந்து மூலைக்கும் a/2. ஆகவே θ₁ = θ₂ = 45°. குறைப்புக் காரணி sin 45° = 0.707. அதாவது ஒரு பக்கம், அதே தூரத்தில் உள்ள முடிவிலாக் கம்பி தரும் புலத்தில் 70.7 சதவீதத்தைத் தருகிறது. வெறும் 10 செ.மீ. கம்பி 5 செ.மீ. தூரத்தில் இவ்வளவு தருகிறதா என்று தோன்றலாம். நடுத்துண்டுகள்தான் பெரும்பங்கு என்பதை மேலே பார்த்தோமே, அதனால்தான்.

```
B₁ = (μ₀ I / 4π(a/2)) · 2 sin 45° = √2 μ₀ I / (2πa)
B  = 4 B₁ = 2√2 μ₀ I / (πa)
```

நம் வளையத்துக்கு μ₀I/4πd = 10⁻⁷ × 2 / 0.05 = 4 × 10⁻⁶ டெஸ்லா, அதாவது 4 மைக்ரோடெஸ்லா. √2-ஆல் பெருக்க, ஒரு பக்கம் 5.66 மைக்ரோடெஸ்லா. நான்கும் சேர்ந்து 22.6 மைக்ரோடெஸ்லா, தாளிலிருந்து நம்மை நோக்கி.

கையால் நான்கு துண்டு போட்டு வந்தது 5.70. ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம். பத்துத் துண்டு போட்டால் பிழை 0.1 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். துண்டுகளை இரட்டித்தால் பிழை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறையும். அப்படிக் குறையாவிட்டால் கணக்கில் எங்கோ பிசகு இருக்கிறது என்று பொருள்.

விடை நியாயமானதா: இரண்டு வட்டங்களுக்கு நடுவே

விடை கிடைத்ததும் அதைச் சோதிக்க எனக்கு மிகவும் பிடித்த வழி இது. சதுரத்துக்கு உள்ளே நான்கு பக்கங்களையும் தொடும் வட்டம் ஒன்று, வெளியே நான்கு மூலைகளின் வழியே போகும் வட்டம் ஒன்று வரையுங்கள். உள்வட்டத்தின் ஆரம் a/2 = 5 செ.மீ., வெளிவட்டத்தின் ஆரம் a/√2 = 7.07 செ.மீ. இரண்டிலும் அதே 2 ஆம்பியர் ஓடினால் மையத்தில் μ₀I/2R:

```
உள்வட்டம்    R = 5.00 cm :  25.1 μT
சதுரம்                    :  22.6 μT
வெளிவட்டம்  R = 7.07 cm :  17.8 μT
```

சதுரத்தின் விடை இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும், இருக்கிறது. எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம்? மையத்தைச் சுற்றிச் செல்லும் சமதள வளையம் எதுவானாலும், ஒரு துண்டின் நீளத்தில் r-க்குச் செங்குத்தான பகுதி r dθ. அதை பயட்–சாவர்ட் விதியில் போட்டால்:

```
B = (μ₀ I / 4π) ∮ dθ / r
```

எந்தத் திசையில் பார்த்தாலும் சதுரத்தின் r உள்வட்டத்தின் ஆரத்துக்குக் குறையாது, வெளிவட்டத்தின் ஆரத்தைத் தாண்டாது. ஆகவே தொகையும் இடையில்தான் விழும். முடிவிலாக் கம்பிச் சூத்திரத்தை நான்கு முறை போட்டிருந்தால் 32 மைக்ரோடெஸ்லா வந்திருக்கும். உள்வட்டத்தையே தாண்டிவிட்டது, அப்போதே தவறு என்று தெரிந்துவிடும். d-க்குப் பாதிப் பக்கத்துக்குப் பதில் முழுப் பக்கத்தைப் போட்டிருந்தால் 11.3 வந்திருக்கும், அது வெளிவட்டத்துக்கும் கீழே. பரீட்சையில் இந்த இரண்டு தவறுகளையும் பிடிக்க அரை நிமிடம் போதும்.

45° மறைத்துவிடும் தவறு

ஆனால் இந்தச் சோதனையிலும் சிக்காத தவறு ஒன்று உண்டு. சில புத்தகங்களில் கோணத்தை மையப் புள்ளியில் எடுக்காமல் கம்பியின் முனையில், கம்பிக்கும் புள்ளிக்குப் போகும் கோட்டுக்கும் இடையில் எடுப்பார்கள். அப்போது சூத்திரத்தில் சைனுக்குப் பதில் கொசைன் வரும். இரண்டும் சரிதான், ஆனால் ஒன்றின் கோணத்தை இன்னொன்றின் சூத்திரத்தில் போடக்கூடாது. சதுரத்தில் எல்லாக் கோணமும் 45°, சைனும் கொசைனும் ஒன்றே. எனவே கலந்துகட்டிப் போட்டாலும் விடை சரியாகவே வரும், தவறு உள்ளே பதுங்கிக்கொள்ளும். செவ்வகம் கேட்கும்போதுதான் வெளியே வரும்.

அதனால் சதுரத்தைப் புரிந்துகொண்டோமா என்று சோதிக்க ஒரு செவ்வகத்தைச் செய்து பாருங்கள். 8 செ.மீ. × 6 செ.மீ., அதே 2 ஆம்பியர். மூலைவிட்டம் 10 செ.மீ., ஆக மையத்திலிருந்து மூலைக்கு 5 செ.மீ. மூன்று, நான்கு, ஐந்து முக்கோணம் என்பதால் கணக்கு சுத்தமாக வரும்.

8 செ.மீ. பக்கம் மையத்திலிருந்து 3 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. மையத்தில் எடுத்த கோணத்தின் சைன், பக்கத்தில் பாதி ÷ மூலை வரை தூரம், அதாவது 4/5. ஒரு பக்கம் (2 × 10⁻⁷/0.03) × 1.6 = 10.67 மைக்ரோடெஸ்லா. 6 செ.மீ. பக்கம் 4 செ.மீ. தூரத்தில், சைன் 3/5. ஒரு பக்கம் (2 × 10⁻⁷/0.04) × 1.2 = 6 மைக்ரோடெஸ்லா. இரண்டையும் இரட்டித்துக் கூட்டினால் 21.3 + 12 = 33.3 மைக்ரோடெஸ்லா.

கோணத்தைக் கலந்துவிட்டவருக்கு என்ன வரும்? நான்கு பக்கமும் தலா 8, மொத்தம் 32. அருகிலுள்ள நீளமான பக்கமும் விலகியுள்ள குட்டையான பக்கமும் ஒரே அளவு புலம் தருகின்றன என்று வந்தாலே சந்தேகப்பட வேண்டும். மொத்தத்தை மட்டும் பார்த்தால் 4 சதவீத வித்தியாசம்தான், கண்ணுக்குத் தப்பிவிடும்.

பொதுவாகச் செய்தால் செவ்வகத்துக்கு B = 2μ₀I D/(π l b) என்று வரும்; D மூலைவிட்டம், l × b பரப்பு. இதில் l = b = a, D = √2 a போட்டால் நம் சதுரச் சூத்திரம் திரும்பக் கிடைக்கிறது.

காம்பஸ் வைத்து அளந்து பார்க்க

22.6 மைக்ரோடெஸ்லா என்பது சிறிய புலம், ஆனால் புவியின் காந்தப்புலத்தோடு ஒப்பிடக்கூடியது. தமிழ்நாடு காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே புவிகாந்தப் புலம் பெரும்பாலும் கிடைமட்டமாகவே இருக்கிறது, அளவு சுமார் 40 மைக்ரோடெஸ்லா. அதனால் டேஞ்சன்ட் கால்வனோமீட்டர் போல ஒரு சதுரச் சுருளை வைத்தே விடையைச் சரிபார்க்கலாம்.

ஒற்றைக் கம்பியில் 2 ஆம்பியர் ஓட்டத் தேவையில்லை. எனாமல் பூசிய செம்புக் கம்பியை 10 செ.மீ. சதுர மரச்சட்டத்தில் 20 சுற்று சுற்றி 0.1 ஆம்பியர் ஓட்டினால் மையத்தில் அதே புலம். சுமார் 8 மீட்டர் கம்பி போதும். 1.5 வோல்ட் மின்கலம், ஒரு ரியோஸ்டாட், ஒரு அம்மீட்டர் தொடராக. சட்டத்தில் இரும்பு ஆணி கூடாது. சுருளுக்குப் போய் வரும் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள்; அப்போது அவற்றின் புலம் பெரும்பாலும் நீங்கிவிடும். 20 சுற்றும் சேர்ந்து சில மில்லிமீட்டர் கனத்துக்கு வரும் என்பதால், a என்பதைக் கம்பிக் கட்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்க வேண்டும். B, a-க்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கிறது. 4 மில்லிமீட்டர் பிழை விடையில் 4 சதவீதமாக வந்து நிற்கும்.

சுருளை நிமிர்த்தி, அதன் தளம் வடக்கு–தெற்காக இருக்கும்படி வையுங்கள். மையத்தில் சிறிய காம்பஸ். முள் 2 செ.மீ.-க்கு மேல் போனால் அதன் முனைகள் மையத்தை விட்டு விலகி வலுவான புலத்தில் நிற்கும், ஏனென்றால் சதுரத்தின் தளத்தில் மையத்திலிருந்து பக்கங்களை நோக்கிப் போகப் போகப் புலம் கூடுகிறது. மின்னோட்டம் ஓடும்போது சுருளின் புலம் கிழக்கு–மேற்காக வரும், முள் திரும்பும் கோணத்தின் டேஞ்சன்ட் = B/40. நம் விடைக்கு 22.6/40 = 0.566, அதாவது சுமார் 29.5°. முடிவிலாக் கம்பிக் கணக்குக்காரர் எதிர்பார்ப்பது 38.7°, முழுப் பக்கத்தைத் தூரமாகப் போட்டவர் எதிர்பார்ப்பது 15.8°. சாதாரணக் காம்பஸிலேயே இவற்றைப் பிரித்துப் பார்த்துவிடலாம். மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டு மறுபக்கமும் படித்துச் சராசரி எடுங்கள். இரு பக்கக் கோணங்களும் ஒத்துப்போகவில்லை என்றால் சுருளின் தளம் வடக்கு–தெற்கிலிருந்து சற்றுச் சாய்ந்திருக்கிறது.

கட்டடத்துக்குள் இரும்புக் கம்பிகளால் அந்த 40 என்ற எண் மாறியிருக்கலாம். அதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. அதே 8 மீட்டர் கம்பியை 40 செ.மீ. சுற்றளவுள்ள வட்டமாக, அதாவது 6.37 செ.மீ. ஆரத்தில், மீண்டும் 20 சுற்று சுற்றி அதே இடத்தில் அதே மின்னோட்டத்தோடு அளந்து பாருங்கள். மையத்தில் 19.7 மைக்ரோடெஸ்லா, கோணம் சுமார் 26.3°. இரண்டு டேஞ்சன்ட்களின் விகிதத்தில் புவிப்புலம் முழுக்க நீங்கிவிடும். மிஞ்ச வேண்டியது 8√2/π², அதாவது 1.146. ஒரே நீளக் கம்பியில் வட்டத்தைவிடச் சதுரம் மையத்தில் கூடுதலான புலம் தருகிறது என்பது பலருக்கு நம்ப முடியாததாக இருக்கும். சுற்றளவு ஒன்றாக இருக்கும்போது வட்டம்தான் அதிகப் பரப்பை வளைக்கும். அதற்காகக் கம்பி மையத்தை விட்டுச் சராசரியாகத் தள்ளிப் போக வேண்டியிருக்கிறது. சதுரத்தின் நான்கு பக்கங்களின் நடுப்பகுதியும் மையத்துக்கு 5 செ.மீ. வரை நெருங்கி வருகின்றன, வட்டத்தில் ஒரு துண்டுகூட 6.37 செ.மீ.-க்கு உள்ளே வருவதில்லை.